மீல் மேக்கர் சாப்பிடலாமா? சோயாவின் தாவர ஈஸ்ட்ரோஜனும் ஆய்வுகள் காட்டுவதும்

உணவியல் ஆலோசகர் என்ற முறையில் என்னிடம் வரும் கேள்விகளில் ஒன்று ஏறக்குறைய ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, டமாக்சிஃபென் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் பெண்கள் கேட்கும் கேள்வி அது: மீல் மேக்கர் சாப்பிடலாமா? அவர்களுடைய கட்டி ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகையைச் சேர்ந்தது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று உறவினர் யாரோ சொல்லியிருக்கிறார். ஆகவே சோயா ஆகாது என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுகிறார்கள். இந்தத் தர்க்கத்தில் அறியாமை ஏதும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு பல புற்றுநோய் மருத்துவர்களும் இதே வழியில்தான் யோசித்தார்கள், இதே அறிவுரையைத்தான் கொடுத்தார்கள். அந்த அறிவுரை எதன் அடிப்படையில் எழுந்தது, பின்னர் ஏன் தளர்ந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

தாவரம் ஒன்று விலங்கின் ஹார்மோன் அமைப்பைக் குலைக்க முடியும் என்பது கற்பனை இல்லை. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் செம்மறி ஆடுகள் கூட்டங்கூட்டமாகச் சினைப்பிடிக்காமல் போயின; கருப்பை வெளித்தள்ளியது; குட்டி போடாத ஆடுகளுக்கும், காயடித்த கிடாக்களுக்கும்கூட மடி பெருத்தது. 1946-இல் பென்னட்ஸ் என்ற கால்நடை ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை விவரித்து எழுதினார்கள். காரணம், அந்நிலங்களில் தீவனமாக விதைக்கப்பட்ட ஒருவகைக் குளோவர் செடி. அதில் இருந்த ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள் ஆட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்களால் டெய்ட்சீனாகவும், அதிலிருந்து ஈகுவால் என்ற இன்னும் வீரியமான பொருளாகவும் மாறியது. டெய்ட்சீன் சோயாவிலும் இருக்கிறது என்பதால் சோயா மீதான சந்தேகத்துக்கு இங்கேயே விதை விழுந்துவிட்டது. ஆனால் அந்த ஆடுகள் மாதக்கணக்கில் வேறு எதையும் தின்னாமல், அந்தப் பொருள் மிகுந்த இலையை நாள் முழுவதும் மேய்ந்தன என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும்.

சோயாவில் உள்ள தாவர ஈஸ்ட்ரோஜன்கள் ஐசோஃபிளேவோன்கள் எனப்படும் சேர்மங்கள். அவற்றில் முக்கியமானவை ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும். செடி இவற்றை நமக்காகத் தயாரிக்கவில்லை. தன் வேர்முடிச்சுகளில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்களை அழைப்பதற்கும், பூஞ்சைகளை எதிர்ப்பதற்கும்தான் அது இவற்றைப் பயன்படுத்துகிறது. மரபான சோயா உணவுகளில் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 3.5 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும் என்பது எளிய கணக்கு. மீல் மேக்கர் என்பது எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவு. காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். ஒருவர் குருமாவில் 25 கிராம் மீல் மேக்கர் சாப்பிட்டால் ஏறத்தாழ 12 கிராம் புரதமும் 40 மில்லிகிராம் வரை ஐசோஃபிளேவோனும் கிடைக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து ஊற்றும்போது கொஞ்சம் குறையலாம். ஜப்பானியர்களின் அன்றாடச் சராசரியும் இதையொட்டித்தான், 30 முதல் 50 மில்லிகிராமாக இருக்கிறது. சோயா எண்ணெயில் இது அனேகமாக இல்லை. சோயா சாஸிலும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. எண்ணெய்க்குப் பயந்து புட்டியை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத செலவு.

இனி அந்தச் சேர்மம் உடலில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஈஸ்ட்ரோஜன் செயல்பட வேண்டுமானால் உயிரணுவுக்குள் இருக்கும் ஓர் ஏற்பியோடு இணைய வேண்டும். அப்படி ஒரே ஓர் ஏற்பிதான் உண்டு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1996-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரண்டாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா என்றானது. மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டுவது பெரும்பாலும் ஆல்ஃபா. பீட்டா பல சூழல்களில் அந்தப் பெருக்கத்தை அடக்குவதாகத் தெரிகிறது. உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடயால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே வலுவுடன் பற்றிக்கொள்கிறது. ஜெனிஸ்டீனோ ஆல்ஃபாவைப் பலவீனமாகவும் பீட்டாவை அதைவிடப் பல மடங்கு வலுவாகவும் பற்றுகிறது. ஆகவே ஏற்பியோடு இணைகிறது என்பதை மட்டும் வைத்து, ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு அத்தாட்சி தேடி எங்கும் போக வேண்டாம், டமாக்சிஃபெனே போதும். அந்த மாத்திரையும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடுதான் இணைகிறது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கருப்பையின் உட்சுவரிலோ ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்கிறது. ஒரே பொருள் ஒரு திசுவில் பூட்டாகவும் மற்றொன்றில் சாவியாகவும் இருப்பது ஹார்மோன் உலகில் அதிசயம் இல்லை.

மருத்துவர்களைக் கவலைப்படுத்தியவை எலிகள். 1990-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெல்ஃபெரிக் குழுவினர் செய்த சோதனைகளில், நோய் எதிர்ப்பாற்றல் இல்லாதபடி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் சினைப்பைகளை நீக்கி, ஈஸ்ட்ரோஜனால் வளரும் மனித மார்பகப் புற்றணுக்களை அவற்றின் தோலுக்கடியில் பதித்தார்கள். ஜெனிஸ்டீன் கலந்த தீவனம் கொடுத்தபோது கட்டிகள் வளர்ந்தன. 2002-இல் வெளியான ஆய்வில், டமாக்சிஃபெனின் தடுப்பாற்றலையும் ஜெனிஸ்டீன் குறைத்தது. மாதவிடாய் நின்று, உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, டமாக்சிஃபெனில் இருக்கும் ஒரு பெண்ணின் நிலையை இதைவிட நெருக்கமாக ஆய்வகத்தில் உருவாக்குவது கடினம். அந்நாளில் சோயா வேண்டாம் என்று சொன்ன மருத்துவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த எலிக்கும் நமக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது, அது பிறகுதான் முழுமையாகப் புலப்பட்டது. நாம் உண்ணும் ஜெனிஸ்டீன் குடற்சுவரைக் கடந்து கல்லீரலுக்குப் போகும்போதே, உடல் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டிவிடுகிறது. ஒட்டப்பட்ட ஜெனிஸ்டீன் ஏற்பியைப் பற்றும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்து, சிறுநீரில் வெளியேறத் தயாராகிவிடுகிறது. மனித இரத்தத்தில் ஒட்டுதல் இல்லாமல் தனித்துச் சுற்றும் பங்கு மிக மிகச் சிறியது. சுண்டெலிகள் இந்த ஒட்டு வேலையில் நம்மளவு திறமை இல்லாதவை. அவற்றின் இரத்தத்தில் செயல்படும் நிலையிலுள்ள ஜெனிஸ்டீனின் பங்கு பன்மடங்கு அதிகம் என்று செட்செல் குழுவினர் 2011-இல் அளந்து காட்டினார்கள். மொத்த அளவு சமமாக இருந்தாலும் கட்டி உணரும் அளவு சமமாக இருக்கவில்லை. எலிச்சோதனை சொன்னது எலியைப் பொறுத்தவரை உண்மைதான். அந்த அளவை அப்படியே பெண்களுக்குப் பொருத்தியதில்தான் கோளாறு.

எனவே பெண்களையே பார்க்க வேண்டியதாயிற்று. அதற்குச் ஷாங்காயைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கே சோயா அன்றாட உணவு; அதே சமயம் ஒவ்வொருவரும் உண்ணும் அளவு பெரிதும் வேறுபடுகிறது. 2002-க்கும் 2006-க்கும் இடையே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 5,042 பெண்களை ஷூ என்பவரின் குழு ஆய்வில் சேர்த்தது. நோய் கண்டறிந்து சுமார் ஆறு மாதங்களில் அவர்களுடைய உணவுப் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து, பின்னும் இடைவெளிவிட்டுக் கேட்டு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். சோயாப் புரதம் உண்ணும் அளவைக் கொண்டு அவர்களை நான்கு பகுதிகளாகப் பிரித்தபோது, மிகக் குறைவாக உண்டவர்களில் நான்கு ஆண்டு இறப்பு விகிதம் 10.3 சதவீதமாகவும், மிக அதிகமாக உண்டவர்களில் 7.4 சதவீதமாகவும் இருந்தது. நோய் திரும்பியது முறையே 11.2 சதவீதத்தினருக்கும் 8.0 சதவீதத்தினருக்கும். கட்டி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதாக இருந்தாலும் இல்லாததாக இருந்தாலும், அவர் டமாக்சிஃபென் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போக்கு மாறவில்லை. எலிகள் எச்சரித்தது நடந்திருக்குமானால் எண்கள் எதிர்த்திசையில் ஓடியிருக்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, சோயா புற்றுநோயைத் தடுக்கும் மருந்து என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறுதான். இது யாருக்கும் சோயாவைக் கொடுத்துச் செய்த சோதனை அல்ல. டோஃபு அதிகம் உண்ட பெண் இறைச்சியைக் குறைவாக உண்டிருக்கலாம், அதிகம் நடந்திருக்கலாம், சிகிச்சையை ஒழுங்காக முடித்திருக்கலாம். அளந்த வேறுபாடுகளைக் கணக்கில் கழித்துவிடலாம். அளக்காததைக் கழிக்க வழியில்லை. மேலும் ஷாங்காய்ப் பெண்கள் சிறுவயதிலிருந்தே சோயா உண்டவர்கள். நோய் வந்த பிறகு திடீரென்று தொடங்கியவர்கள் அல்லர். இளமையில் உண்பதற்குத் தனி விளைவு இருக்கலாம் என்பதற்கு அதே நகரத்தின் மற்றோர் ஆய்விலிருந்து குறிப்புகளும் உண்டு. இந்தக் கடைசி ஐயத்தை ஓரளவு போக்கியது 2012-இல் அமெரிக்காவையும் சீனாவையும் சேர்ந்த 9,514 பெண்களின் தரவுகளை ஒன்றாகத் திரட்டிய பகுப்பாய்வு. ஒரு நாளில் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஐசோஃபிளேவோன் உண்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம், 4 மில்லிகிராமுக்கும் குறைவாக உண்டவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. சோயா மரபு இல்லாத அமெரிக்கப் பெண்களிடமும் தீங்கின் சாயல் தென்படவில்லை. நன்மை உண்டு என்ற பாதியை நான் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன், தீங்கு காணப்படவில்லை என்ற பாதியைப் பேனாவால். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் இன்று, நோயிலிருந்து மீண்டவர்கள் சோயா உணவைத் தவிர்க்க வேண்டியதில்லை என்றே சொல்கிறது.

உணவு என்ற அந்தச் சொல்லை நான் வேண்டுமென்றே அழுத்துகிறேன். 2014-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்குக் காரணம். புதிதாக நோய் கண்டறியப்பட்ட 140 பெண்களில் ஒரு பகுதியினருக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஒன்று முதல் நான்கு வாரங்கள் சோயாப் புரதத் தூளையும், மற்றவர்களுக்குப் போலித் தூளையும் கொடுத்தார்கள். தூளின் அளவு ஒரு வேளைக்குச் சுமார் 26 கிராம், நாளுக்கு இரு வேளை. பின்னர் அகற்றிய கட்டிகளைச் சோதித்தபோது, உயிரணுப் பெருக்கத்தின் அடையாளமான கே.ஐ.67 அளவில் இரு குழுக்களிடையே வேறுபாடு இல்லை. ஆனால் இரத்தத்தில் ஜெனிஸ்டீன் உயர்ந்திருந்த சிலருடைய கட்டிகளில், வளர்ச்சியோடு தொடர்புடைய சில மரபணுக்களின் இயக்கம் கூடியிருந்தது. சில வாரங்களில் கண்ட மரபணு மாற்றம் பின்னாளில் நோயாக மாறும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் இது எலி அல்ல, பெண்ணின் கட்டி. ஆகவேதான் குருமாவில் போடும் மீல் மேக்கருக்குத் தயங்காமல் சம்மதிக்கும் நான், ஒரே மாத்திரையில் 80, 100 மில்லிகிராம் ஐசோஃபிளேவோனைச் செறிவாக்கித் தரும் குப்பிகளை, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எடுக்க வேண்டாம் என்கிறேன். இத்தாலியில் 150 மில்லிகிராம் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த, மாதவிடாய் நின்ற பெண்களில் சிலருக்குக் கருப்பை உட்சுவர் தடித்ததும், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகாததும் 2004-இல் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்து, மாதவிடாய் நின்ற நலமான பெண்களுக்கு இத்தகைய மாத்திரைகளால் மார்பகம், கருப்பை, தைராய்டு ஆகியவற்றில் தீங்கு ஏற்படுவதாகத் தெரியவில்லை என்று அறிவித்தது உண்மை. அந்த முடிவு நலமானவர்களுக்கானது. அதைப் புற்றுநோய் வந்தவர்களுக்கு நீட்டிக்கக் கூடாது.

இரத்தத்தில் அளக்கப்படும் ஹார்மோன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதவிடாய் உள்ள பெண்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால் எஸ்ட்ராடயால் மாறுவதில்லை. சுழற்சி சராசரியாக ஒரு நாள் நீள்கிறது. ஆண்களிடம் டெஸ்டோஸ்டீரோன் குறைவதில்லை என்பதை 2010-இலும் 2021-இலும் வந்த தொகுப்பாய்வுகள் காட்டின. இணையத்தில் சுற்றிவரும் 'சோயாவால் மார்பு வளர்ந்த ஆண்' ஒரு பொய்யன் அல்லர். 2008-இல் பதிவான அந்த 60 வயதுக்காரர் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் சோயாப்பால் குடித்துவந்தார், நிறுத்தியதும் சரியானார். அந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் லிட்டர் கணக்கை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

தைராய்டில் விஷயம் வேறு வழியில் போகிறது. அங்கே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு வேலையே இல்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் சோயா மாவினால் செய்த பால்மாவு குடித்த சில குழந்தைகளுக்குக் கழுத்தில் கழலை தோன்றியது. அயோடின் சேர்த்ததும் அது மறைந்தது. 1960-களிலிருந்து அத்தகைய பால்மாவுகளில் அயோடின் சேர்ப்பது வழக்கமாயிற்று. காரணத்தை 1997-இல் டிவி, டோர்ஜ் ஆகியோரின் குழு வேதியியல் மட்டத்தில் விளக்கியது. தைராய்டுச் சுரப்பி, பெராக்சிடேஸ் என்ற நொதியின் துணையோடு டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் அயோடினைப் பொருத்தித்தான் ஹார்மோனைத் தயாரிக்கிறது. ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் இருந்தால் நொதி அவற்றின்மீது அயோடினைப் பொருத்திவிடுகிறது. டைரோசினுக்கு உரியது அங்கே செலவாகிறது. அயோடின் தாராளமாக இருந்தால் இந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது; ஏற்கெனவே பற்றாக்குறை இருந்தால் தெரியும். பெரியவர்களிடம் செய்த 18 சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வந்த ஆய்வில் தைராய்டு ஹார்மோன்கள் இரண்டும் மாறவில்லை. தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது அதைத் தூண்டுவதற்காக உயரும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் மட்டும் 0.25 அலகு போல மிகச் சிறிதாக உயர்ந்தது. எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்தான் விதிவிலக்கு. 2011-இல் இங்கிலாந்தில், தைராய்டுக் குறைவின் தொடக்கநிலையில் இருந்த 60 பேருக்கு எட்டு வாரங்கள் 16 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் கொண்ட சோயாப் புரதம் கொடுத்தபோது, ஆறு பேருக்குக் குறைபாடு முழுமையாக வெளிப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து, மாத்திரை தொடங்காமல் கண்காணிப்பில் மட்டும் இருப்பவர் தினமும் சோயாப்பால் குடிக்கத் தொடங்கினால், இரண்டு மாதத்தில் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளச் சொல்ல இது போதும். கூடவே, சமையலில் என்ன உப்பு என்று கேட்கிறேன். உடம்புக்கு நல்லது என்று அயோடின் கலந்த தூள் உப்பை விட்டு இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் மாறிய வீடுகள் இப்போது நிறைய. அயோடின் சேர்க்கப்படாத உப்பும் தினசரிச் சோயாவும் சேர்வதுதான் மேலே சொன்ன கசிவுக்கு ஏற்ற சூழல்.

தைராய்டுக் குறைவுக்குத் தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிக்கல் சுரப்பியில் இல்லை, குடலில் இருக்கிறது. 2001-இல் பதிவான ஒரு பெண்ணின் நிலை இதைத் தெளிவாக்கும். புற்றுநோய்க்காகத் தைராய்டு ஏறக்குறைய முழுவதும் அகற்றப்பட்ட அவருக்கு, வழக்கத்தைவிட மிக அதிகமான மாத்திரை கொடுத்தும் டி.எஸ்.எச். வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அவருக்குச் சுரப்பி இல்லாததால், ஜெனிஸ்டீன் சுரப்பியைத் தடுத்தது என்று சொல்ல வழியில்லை. விசாரித்தபோது, மாத்திரை போட்ட கையோடு சோயாப் புரதப் பானம் அருந்துவது தெரிந்தது. மாத்திரைக்கும் பானத்துக்கும் இடையே இடைவெளி விட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே தைராக்சின் எடுக்கும் ஒருவரின் டி.எஸ்.எச். காரணமின்றி ஏறினால், அளவைக் கூட்டுவதற்கு முன் காலை ஏழு மணியை விசாரிப்பது பயன் தரும். மாத்திரையை எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்க வேண்டும். காபிக்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சோயாப்பாலையோ புரதத் தூளையோ காலை உணவிலிருந்து நீக்கி, மதியத்துக்கோ மாலைக்கோ தள்ளிவிட்டால் நான்கு மணி நேர இடைவெளி தானாகவே வந்துவிடும். மதியம் மீல் மேக்கர் குருமா சாப்பிட்டால் காலையில் எடுத்த மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் தினமும் சோயா, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறி மாறி உண்பதைவிட, ஒரே அளவில் தொடர்ந்து உண்பது நல்லது. மருத்துவர் மாத்திரையின் அளவை அதற்கேற்ப நிலைப்படுத்த முடியும். நேரத்தை மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துத்தான் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும், ஏனெனில் டி.எஸ்.எச். புதிய நிலைக்கு வந்துசேர அவ்வளவு காலம் பிடிக்கும். அப்போதும் இறங்கவில்லையென்றால் சோயா மீதான சந்தேகத்தை விட்டுவிட்டு, அதே காலையில் இரும்புச்சத்து மாத்திரையோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோ போடுகிறாரா என்று கேளுங்கள். அவையும் குடலில் தைராக்சினைப் பிடித்துவைக்கும்.